தரை ஆடினா? 5-ஆம் வகுப்பு நிலநடுக்க ஒத்திகை

பிள்ளைங்களா, சரியா 11 மணிக்கு மூணு நீள விசில் கேட்கும். அது ஒத்திகைக்கான விசில், நிஜ நிலநடுக்கம் இல்ல. அதுக்குள்ள பதில்களைப் பழகிடுவோம். நான் கேட்கிறேன், நீங்க சத்தமா சொல்லுங்க.

— தரை ஆடினா?
— மண்டி போடு!
— தலையும் கழுத்தும்?
— மறை!
— மேசைக் காலை?
— பிடி!

மண்டி ஏன்? நின்னுக்கிட்டிருந்தா ஆட்டமே உங்களைத் தள்ளிவிடும். அது தள்ளுறதுக்கு முன்னாடி நாமளே இறங்கிடணும். ரெண்டு முட்டி, ரெண்டு உள்ளங்கை, நாலும் தரையில. அப்பதான் மேசைக்கு அடியில தவழ்ந்து போக முடியும். உட்கார்ந்துட்டா நகர முடியாது.

அடுத்தது மறைக்கிறது. இதுலதான் நிறையப் பேர் தப்பு பண்றாங்க, கண்ணையும் காதையும் பொத்திக்கிறாங்க. மேல இருந்து விழுறது கண்ணைத் தேடி வராது, பின்மண்டையிலயும் பிடரியிலயும் விழும். ஒரு கையைப் பிடரியில வைங்க. எல்லாரும் வைங்க பார்ப்போம்... பின்வரிசை, இன்னும் கொஞ்சம் கீழ, கழுத்து மறையணும். ஆங், சரி.

இன்னொரு கையால மேசைக் காலைப் பிடிக்கணும். ஆட்டத்துல மேசை வழுக்கிக்கிட்டுப் போகும். பிடிக்கலைன்னா மேசை ஒரு பக்கம், உங்க தலை ஒரு பக்கம்.

— மேசை நகர்ந்தா?
— நானும் நகருவேன்!
— வாசலுக்கு ஓடலாமா?
— ஓட மாட்டேன்!

இன்னும் சத்தமா! ஆடுற தரையில ஓடுறவங்க விழுந்து அடிபடுறாங்க. வெளிச்சுவர் ஓரமாத்தான் கண்ணாடியும் கூரை ஓடும் செங்கல்லும் விழும்.

— பக்கத்துல மேசை இல்லையா?
— உள்சுவர் ஓரம்! ரெண்டு கையும் பிடரியில!

ஜன்னலும் அலமாரியும் இல்லாத சுவரா இருக்கணும். சக்கர நாற்காலியில இருக்கிறவங்க இறங்க வேண்டாம்: சக்கரத்தைப் பூட்டுங்க, முன்னால குனியுங்க, ரெண்டு கையாலயும் தலையையும் கழுத்தையும் மறைங்க. மைதானத்துல இருந்தா கட்டடம், மரம், மின்கம்பி எதுவும் பக்கத்துல இல்லாத இடத்துலயே மண்டி போடுங்க. உள்ள ஓடி வராதீங்க.

— எப்ப எழுந்திருக்கணும்?
— ஆட்டம் நின்ன பிறகு!

இன்னைக்கு நான் 60 வரைக்கும் எண்ணுவேன். நிஜத்துல அதைவிடக் குறைவாவும் ஆடலாம், கூடவும் ஆடலாம். அதனால எண்ணிக்கையை நம்பி எழுந்திருக்காதீங்க. நின்னதும் டீச்சர் சொன்ன பிறகு வரிசையா நடந்து மைதானத்துக்குப் போகணும். பை வேண்டாம், லிஃப்ட் வேண்டாம். பின்னதிர்வு வரலாம், ஒண்ணுக்கு மேலயும் வரலாம்.

— வழியில மறுபடி ஆடினா?
— மண்டி! மறை! பிடி!
— பிடிக்க மேசை இல்லையே?
— ரெண்டு கையும் பிடரியில!

விசில் கேட்குதா? மண்டி போடுங்க! ஒண்ணு... ரெண்டு... மூணு...