வீட்டுச் சமையல் ஆப்: பயன்பாட்டு விதிமுறைகள்

யாரும் படிக்காமல் 'சம்மதம்' தட்டிவிட்டுப் போகிற பக்கம் இது என்று எங்களுக்கும் தெரியும். அதனால்தான் சுருக்கமாக எழுதியிருக்கிறோம். சாப்பாடும் பணமும் கைமாறுகிற இடம், ஒருமுறையாவது படித்துவிடுங்கள். அக்கவுண்ட் தொடங்கினால் இதற்கு ஒப்புக்கொண்டதாகவே கணக்கு.

நாங்கள் யார்

வீட்டில் சமைத்து விற்பவரையும் பக்கத்தில் இருந்து வாங்குபவரையும் சேர்த்துவைப்பது எங்கள் வேலை. நாங்கள் சமைப்பதில்லை, எடுத்துவந்து தருவதும் இல்லை. விற்பனை ஒப்பந்தம் உங்கள் இருவருக்கும் இடையில்தான். அதற்காக எது நடந்தாலும் கைகழுவிவிட மாட்டோம்: பணத்தைப் பிடித்துவைப்பது, புகாரை விசாரிப்பது, தவறு செய்பவரை நீக்குவது எல்லாம் எங்கள் பொறுப்பு. இருவருக்குமே 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

சமைப்பவருக்கு

உங்கள் ஊர்ச் சட்டப்படி வீட்டுச் சமையலை விற்கப் பதிவோ உரிமமோ தேவை என்றால் அதை வாங்கி ஆப்பில் ஏற்றிய பிறகுதான் உங்கள் பக்கம் திறக்கும். காலாவதியானால் புதுப்பிக்கும் வரை தானாகவே மூடிக்கொள்ளும். எங்களைக் கூப்பிட்டுக் கெஞ்சினாலும் திறக்க முடியாது.

என்னென்ன சேர்த்தீர்கள் என்பதை முழுமையாக எழுதுங்கள். பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், எள், சோயா, மீன், இறால், நண்டு இவற்றில் எது இருந்தாலும் தனியாகக் குறிப்பிட வேண்டும். 'கொஞ்சம்தானே' என்று விட்டுவிடாதீர்கள். வேர்க்கடலை கிளறிய கரண்டியை அப்படியே அடுத்த பாத்திரத்தில் விட்டிருந்தால் அதையும் எழுத வேண்டும், ஏனென்றால் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தக் கரண்டியில் ஒட்டியிருப்பதே போதும், மூச்சுத் திணறல் வரை கொண்டுபோய்விடும். இதை மறைத்தது உறுதியானால் முதல் தடவையே அக்கவுண்ட் நிரந்தரமாக மூடப்படும். எச்சரிக்கை எல்லாம் கிடையாது.

அப்புறம் வெப்பநிலை. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சூடான உணவை 60-க்கு மேலும் குளிர்ந்ததை 5-க்குக் கீழும் வைத்திருங்கள். இடைப்பட்ட சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததை இங்கே விற்கக் கூடாது. 'திரும்பச் சூடு பண்ணிட்டேன்' என்பது பதிலாகாது. சில கிருமிகள் விட்டுவைக்கும் நஞ்சு சூட்டில் அழியாது. வீட்டில் யாருக்காவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்றைய விற்பனையை நிறுத்துங்கள், சரியாகி 48 மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். அதற்காக உங்கள் மதிப்பெண் குறையாது.

படங்கள் நீங்கள் எடுத்ததாக இருக்கட்டும். நெட்டில் சுட்ட படம் வேண்டாம்.

வாங்குபவருக்கு

ஒவ்வாமை இருந்தால் ஆர்டர் போடும்போதே சொல்லுங்கள். சமைப்பவர் 'முடியாது' என்றால் வற்புறுத்தாதீர்கள், அவர் நேர்மையாகச் சொல்கிறார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாங்கினால் தேன் சேர்க்காததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சமைப்பவரின் முகவரி ஆர்டர் உறுதியான பிறகுதான் தெரியும். அது ஒருவர் குடியிருக்கும் வீடு: சொன்ன நேரத்துக்கு வாருங்கள், முகவரியை வேறு யாருக்கும் தராதீர்கள். எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தாண்டி 45 நிமிடம் வரவில்லை என்றால் பணம் திரும்பாது.

பணமும் புகாரும்

பட்டியலிட்ட விலையில் 12 சதவீதம் எங்கள் கமிஷன், அதைச் சமைப்பவர் பங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். வாங்குபவரிடம் கடைசித் திரையில் மறைமுகக் கட்டணம் எதுவும் முளைக்காது. சமைப்பவர் ஆர்டரை ஏற்பதற்கு முன் வாங்குபவர் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும், ஏற்றபின் பாதி. சமைப்பவரே ரத்து செய்தால் எப்போதானாலும் முழுப் பணம்.

உணவு கைக்கு வந்து 24 மணி நேரம் வரை பணத்தை நாங்கள் வைத்திருப்போம். புகார் இருந்தால் அதற்குள் படத்தோடு அனுப்புங்கள். கெட்டுப்போனது, வேறு பொருள் வந்தது, பட்டியலில் இல்லாதது கலந்திருந்தது என்றால் ரீஃபண்ட் உண்டு. 'எங்க வீட்டு ருசி இல்ல' என்பதற்குக் கிடையாது, அதை ரிவ்யூவில் எழுதுங்கள். உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அந்தப் புகாருக்கு 24 மணி நேரக் கெடு இல்லை, ஏனென்றால் சில தொற்றுகள் தெரியவே நாட்கள் ஆகும்.

ஆப்பில் அறிமுகமாகி வெளியே கைமாற்றிக்கொண்டால் எங்களால் விசாரிக்கவோ பணத்தை மீட்டுத் தரவோ முடியாது. காசு கொடுத்து எழுதவைத்த ரிவ்யூக்களை நீக்கிவிடுவோம். உண்மையான குறையைச் சொல்லும் ரிவ்யூவை, சமைப்பவர் எவ்வளவு கேட்டாலும் நீக்க மாட்டோம்.

மற்றவை

உங்கள் இருப்பிடத்தை ஆப் திறந்திருக்கும்போது மட்டும் பார்க்கிறோம், விற்பதில்லை. சட்டம் உங்களுக்குத் தரும் நுகர்வோர் உரிமை எதையும் இந்த விதிமுறைகள் பறிக்காது. மாற்றம் வந்தால் 15 நாட்களுக்கு முன் ஆப்பிலேயே தெரிவிப்போம். பிடிக்கவில்லை என்றால் 'அமைப்புகள்' பக்கத்தில் அக்கவுண்டை மூடலாம், சேரவேண்டிய பாக்கி 7 நாட்களுக்குள் வந்துவிடும்.