விமான இ-டிக்கெட்டை வரிவரியாகப் படிப்பது எப்படி?

மெயிலில் வந்த பி.டி.எஃப்.பைத் திறந்தால் இரண்டு மூன்று பக்கம் ஓடுகிறது. பாதி விளம்பரம், பாதி எச்சரிக்கை, நடுவில் புரியாத எழுத்துகள். பெரும்பாலானவர்கள் தேதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். டிக்கெட் எடுத்த அன்றே உட்கார்ந்து முழுவதும் படித்துவிடுவது நல்லது. பிழை இருந்தால் அன்று ஒரு போனில் சரியாகிவிடும். கிளம்பும் நாளில் கண்ணில் பட்டால் பணமும் போகும், நிம்மதியும் போகும்.

ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். சென்னையில் இருக்கும் செல்வி அம்மா, மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டுக்கு சிங்கப்பூர் வழியாகப் போய் வருகிறார். பெயர், எண்கள், நேரங்கள் எல்லாம் விளக்கத்துக்காக எழுதியவை.

```
NAME         MURUGESAN/SELVI MRS
BOOKING REF  K7QX2M
TICKET NO    618-2345678901
ISSUED       03FEB26

SQ529 K 14MAR MAA 2315 SIN 0605+1 OK 30K OPEN
SQ237 K 15MAR SIN 0930 MEL 2000   OK 30K OPEN
SQ238 K 02JUN MEL 1100 SIN 1645   OK 30K OPEN
SQ528 K 02JUN SIN 2035 MAA 2205   OK 30K OPEN

FARE INR 38500  YQ 8000  K3 2325  XT 9175
TOTAL INR 58000
NON END/PENALTY APPLIES
```

பெயர்

சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் இருப்பது சொந்தப் பெயர், கடைசியில் MRS, MR, MS போன்ற அடைமொழி. சில டிக்கெட்டுகளில் இடைவெளி இல்லாமல் SELVIMRS என்று ஒட்டிக்கொண்டு வரும். அது பிழை இல்லை, பயப்பட வேண்டாம். குழந்தை என்றால் CHD, கைக்குழந்தை என்றால் INF என்று இருக்கும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதனால் பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயராக ஏறியிருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். டிக்கெட்டில் இருக்க வேண்டியது ஆதாரில் உள்ள பெயரோ வீட்டில் கூப்பிடும் பெயரோ இல்லை, பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் பெயர், அதே எழுத்துக்கூட்டலில். பாஸ்போர்ட்டில் SELVI என்று மட்டும் இருந்தால், சில விமான நிறுவனங்கள் SELVI/SELVI என்று இரண்டு முறை போடச் சொல்லும், சில நிறுவனங்கள் பெயர் இல்லாத இடத்தில் FNU அல்லது LNU என்று போடச் சொல்லும். எது என்று முதலிலேயே அந்த நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

துபாய், அபுதாபி போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே இருந்தால் விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பார்கள் என்று பிறகு விளக்கம் வந்தது.

பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்றால் பெரும்பாலும் திருத்திக் கொடுப்பார்கள். ஆளையே மாற்ற முடியாது. அக்காவுக்கு எடுத்த டிக்கெட்டில் தங்கை போக முடியாது.

BOOKING REF, அதாவது பி.என்.ஆர்.

ரயில் பி.என்.ஆர். பத்து இலக்கம். விமானத்துக்கு ஆறு எழுத்து, பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். இணையத்தில் செக்-இன் செய்ய, சீட் தேர்ந்தெடுக்க, சாப்பாடு மாற்ற இதுவும் குடும்பப் பெயரும் போதும். அதனால் டிக்கெட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பார்ப்பவர் யாராக இருந்தாலும் உங்கள் முன்பதிவுக்குள் நுழைந்துவிடலாம்.

ஏஜென்ட் மூலம் எடுத்தால் சில நேரம் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஏஜென்ட் பயன்படுத்தும் அமேடியஸ், சேபர் போன்ற கணினி அமைப்பின் எண், இன்னொன்று விமான நிறுவனத்தின் எண். நிறுவனத்தின் தளத்தில் ஒன்றைப் போட்டு "இல்லை" என்று வந்தால் பதறாமல் மற்றதைப் போட்டுப் பாருங்கள். AIRLINE REF என்ற பெயரில் எங்காவது ஓரத்தில் இருக்கும்.

டிக்கெட் எண்

முழுத் தாளிலும் முக்கியமான வரி இதுதான். மொத்தம் 13 இலக்கம். முதல் மூன்று இலக்கம் எந்த நிறுவனத்தின் டிக்கெட் என்று சொல்லும்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176, ஸ்ரீலங்கன் 603. மீதிப் பத்தும் உங்கள் டிக்கெட்டுக்கே உரியவை.

பி.என்.ஆர். வேறு, டிக்கெட் வேறு. பி.என்.ஆர். இருந்தால் உங்கள் பெயரில் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பணம் கட்டி டிக்கெட் வெளியிட்ட பிறகுதான் இந்த 13 இலக்கம் பிறக்கும். குறித்த கெடுவுக்குள் டிக்கெட் போடாவிட்டால் பிடித்து வைத்த இடம் தானாகவே போய்விடும். விசா விண்ணப்பத்துக்காக எடுத்துத் தரும் 'டம்மி டிக்கெட்' பெரும்பாலும் இந்த வகைதான். பார்க்க அச்சு அசல் டிக்கெட் மாதிரியே இருக்கும். ஏஜென்டிடம் முழுப் பணமும் கொடுத்துவிட்டீர்களா? தாளில் 13 இலக்க எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், "டிக்கெட் நம்பர் எப்போ வரும்?" என்று அப்போதே கேளுங்கள். தயங்க வேண்டிய கேள்வி இல்லை இது. குறைந்த கட்டண நிறுவனங்கள் சில இந்த எண்ணே இல்லாமல் பி.என்.ஆரை வைத்தே பயணத்தை நடத்துகின்றன. அங்கே CONFIRMED என்ற சொல்லும் பணம் கட்டிய விவரமும் இருக்க வேண்டும்.

ஒரு டிக்கெட் எண்ணில் நான்கு விமானங்கள் வரைதான் அடங்கும். செல்வி அம்மாவுக்குப் போக இரண்டு, வர இரண்டு, சரியாக நான்கு. அதற்கு மேல் போனால் அடுத்த எண்ணும் சேர்ந்து 2345678901-02 என்று வரும்.

விமான வரி

SQ529 என்பது விமான எண். SQ நிறுவனத்தின் குறி. அதன் கீழே OPERATED BY என்று வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தால், டிக்கெட் விற்றது ஒருவர், விமானம் ஓட்டுவது இன்னொருவர். விமான நிலையத்தில் ஓட்டுகிறவரின் கவுன்டருக்குத்தான் போக வேண்டும்.

MAA என்றால் சென்னை. ஊர் பெயர் மாறினாலும் மெட்ராஸ் காலத்துக் குறி மாறவில்லை. திருச்சி TRZ, மதுரை IXM, கோவை CJB. ஊருக்குப் பக்கத்தில் T1, T2 என்று டெர்மினல் எண்ணும் இருக்கும். டாக்ஸியில் ஏறும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். சென்னையில் 2315, சிங்கப்பூரில் 0605 என்று பார்த்துவிட்டு ஏழு மணி நேரப் பயணம் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. உண்மையில் பறப்பது நான்கு மணி இருபது நிமிடம். +1 என்றால் மறுநாள் இறங்குகிறார் என்று பொருள். அழைத்துப்போக வருகிறவர்களுக்குத் தேதியைச் சொல்லும்போது இந்த +1ஐ மறந்துவிடாதீர்கள்.

நள்ளிரவு விமானங்களில் இன்னும் கவனம் வேண்டும். டிக்கெட்டில் 15MAR 0040 என்று இருந்தால், 14ஆம் தேதி இரவே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு போய் நின்றால், விமானம் ஒரு நாள் முன்னாலேயே போயிருக்கும்.

நடுவில் தனியாக நிற்கும் K என்பது கட்டண வகுப்பு. எகானமிக்குள்ளேயே பல விலைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. பக்கத்து சீட்காரர் வேறு விலை கொடுத்திருப்பார், அவருக்கு வேறு எழுத்து. சாப்பாடும் சீட்டும் ஒன்றுதான், ரத்து செய்தால் பிடிக்கும் தொகை மாறும். FARE BASIS என்று நீளமான குறி இருந்தால் அந்தக் கட்டணத்தின் விதிகளுக்கான பெயர் அது. NVB, NVA என்றால் எந்தத் தேதிக்கு முன்னால் செல்லாது, எந்தத் தேதிக்குப் பின்னால் செல்லாது என்று பொருள்.

பணம்

FARE அடிப்படைக் கட்டணம். YQ விமான நிறுவனமே வசூலிக்கும் கூடுதல் கட்டணம், பலரும் ஃப்யூயல் சார்ஜ் என்பார்கள். K3 இந்திய ஜி.எஸ்.டி., எகானமிக்கு 5 சதவீதம். மாதிரியில் 38,500உம் 8,000உம் சேர்ந்த 46,500க்கு 2,325. தனித்தனியாகக் காட்ட இடம் இல்லாத மற்ற வரிகளை எல்லாம் சேர்த்து XT என்று போட்டுவிடுவார்கள்.

NON END என்றால் வேறு நிறுவனத்தின் விமானத்துக்கு இந்த டிக்கெட்டை மாற்ற முடியாது. PENALTY APPLIES என்றால் மாற்றினாலோ ரத்து செய்தாலோ பணம் பிடிப்பார்கள். NON REF என்று இருந்தால் கட்டணம் திரும்பாது. ஆனாலும் பயணமே செய்யாதபோது விமான நிலைய வரிகளைப் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள், கேட்டால்தான் தருவார்கள். 38500க்குப் பதில் IT என்று மட்டும் இருந்தால், ஏஜென்ட் தனி விலைக்கு வாங்கியது, விலையை மறைத்திருக்கிறார்கள். திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை, வழக்கம்தான்.

லக்கேஜ்

30K என்றால் 30 கிலோ. பெட்டி எத்தனை என்பது பெரிய கேள்வி இல்லை, மொத்த எடைதான் கணக்கு. ஆனாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக எடுக்க மாட்டார்கள். 1PC, 2PC என்று இருந்தால் கணக்கே வேறு: பெட்டிகளின் எண்ணிக்கை. எகானமியில் ஒரு பெட்டிக்கு வழக்கமாக 23 கிலோ. 2PC வைத்திருப்பவர் 46 கிலோவை ஒரே பெட்டியில் அடைக்க முடியாது. ஒரு பெட்டியில் 26, இன்னொன்றில் 15 என்று கொண்டுபோனாலும் அந்த 26க்குப் பணம் கேட்பார்கள். 0PC, NIL என்று இருந்தால் கையில் எடுத்துப்போகும் பை மட்டும்தான்.

நான்கு வரியிலும் இந்த இடத்தைத் தனித்தனியாகப் பாருங்கள். போகும்போது 30K, வரும்போது வேறு என்று இருப்பது உண்டு. இரண்டு டிக்கெட்டாகத் தனித்தனியே எடுத்திருந்தால் குறைவான அளவுக்குத்தான் நீங்கள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். கைப்பையின் அளவு பல டிக்கெட்டுகளில் இருக்காது. 7 கிலோ என்பது பரவலான அளவு.

செல்வி அம்மாவின் பெட்டியில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் இருக்கும் என்பது தெரிந்த கதை. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது உணவுப் பொருள் இருப்பதைப் படிவத்தில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் மாட்டினால் அபராதம். டிக்கெட்டில் இதெல்லாம் வராது.

நிலை

இரண்டு நிலைகள் உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

OK என்பது சீட்டின் நிலை. HK என்றாலும் அதேதான், இடம் உறுதி. RQ என்றால் கேட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. WL அல்லது HL காத்திருப்புப் பட்டியல். ரயிலில் ஆர்.ஏ.சி. மாதிரி பாதி இடமாவது கிடைக்கும் என்று ஏற விடமாட்டார்கள். NS கைக்குழந்தைக்கு, தனி இருக்கை இல்லை என்று பொருள். TK என்றால் நேரம் மாறியிருக்கிறது, புது நேரத்தைப் பாருங்கள். UN என்றால் அந்த விமானமே இல்லை, உடனே போன் செய்யுங்கள்.

OPEN என்பது டிக்கெட்டின் நிலை. பணம் கட்டியாயிற்று, இன்னும் பயன்படுத்தவில்லை. செக்-இன் செய்தால் CHECKED IN, பறந்து முடிந்தால் FLOWN அல்லது USED. REFUNDED, VOID, EXCHANGED என்று இருந்தால் அந்தத் தாள் செத்துவிட்டது. EXCHANGED என்றால் புது எண்ணோடு வேறு டிக்கெட் இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். OK இருந்து OPEN இல்லாவிட்டாலும், OPEN இருந்து OK இல்லாவிட்டாலும் கவுன்டரில் நிற்க வேண்டியிருக்கும்.

இந்த நான்கு OPENகளும் வரிசையாகத்தான் பயன்பட வேண்டும். சென்னையில் ஏறாமல், ஏற்கெனவே சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து இரண்டாவது விமானத்தில் ஏறிக்கொள்கிறேன் என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் விடாது. முதல் விமானத்துக்கு வரவில்லை என்று பதிவானதும் மீதி மூன்றையும் ரத்து செய்துவிடும், ஜூன் மாதத் திரும்பும் பயணம் உட்பட. திட்டம் மாறினால் 14ஆம் தேதி இரவு விமானம் கிளம்பும் முன்பே போன் செய்து மாற்றிக்கொள்ள வேண்டும்.