பி.எஃப் நாமினி: ஜூலை 7 முதல் 12 வரை நம் கேன்டீனில் பதிவு

பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் எல்லோருக்கும், தொழிலாளர் கமிட்டி எழுதுவது. திருப்பூர், 2.7.2025.

பஞ்ச் மெஷின் பக்கத்தில் நிர்வாகம் ஒரு ஆங்கில நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நான்கு பக்கம். அதில் உள்ளதை நம் பேச்சில் இங்கே எழுதியிருக்கிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வேகமாக வாசிக்க வேண்டாம். ஒரு பகுதி முடிந்ததும் நிறுத்தி, புரிந்ததா என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

முதலில் முக்கியமானது. நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் நம் பி.எஃப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதப்படும் ஆள்தான் நாமினி. முன்பு காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். இப்போது கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ஜூலை 7, திங்கள்கிழமை முதல் ஜூலை 12, சனிக்கிழமை வரை நம் கேன்டீனிலேயே பதிந்து கொடுப்பார்கள். காசு கிடையாது.

எந்தப் பணம் இது?

சம்பளச் சீட்டில் பி.எஃப் என்று ஒரு தொகை பிடித்திருப்பார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து ஒருவருக்கு மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 1,440 ரூபாய் நம்மிடம் பிடிப்பார்கள். கம்பெனியும் தன் பங்காக 1,440 ரூபாய் போட வேண்டும். கம்பெனி போடுவதில் சுமார் 1,000 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போகும். மீதி 440 ரூபாய் நம் பி.எஃப் கணக்கில் சேரும். ஆக மாதா மாதம் 1,880 ரூபாய் நம் பெயரில் சேர்கிறது. அதற்கு வட்டியும் உண்டு. 2024-25 வருடத்துக்கு வட்டி 8.25 சதவீதம்.

வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் அவர் குடும்பத்துக்கு மூன்று வழியில் பணம் வரும். ஒன்று, சேர்ந்திருக்கும் பி.எஃப். இரண்டு, இன்சூரன்ஸ். இது 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கலாம். இதற்கு நம் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை, முழுவதும் கம்பெனி கட்டுகிறது. அதனாலேயே இப்படி ஒன்று இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. வீட்டுக்குப் போய் இன்றே சொல்லுங்கள். மூன்று, பென்ஷன். ஒரு மாதம் மட்டும் பென்ஷன் பணம் கட்டியிருந்தாலும், இறந்தவரின் மனைவிக்கோ கணவருக்கோ மாதப் பென்ஷன் உண்டு. குறைந்தது 1,000 ரூபாய். பிள்ளைகளில் இரண்டு பேருக்கு 25 வயது வரை தனியாகக் கிடைக்கும்.

நாமினி பதிந்திருந்தால் இந்தப் பணத்தைக் குடும்பம் கேட்டு வாங்குவது சுலபம். பதியாவிட்டால் பணம் தொலைந்து போகாது. ஆனால் வாரிசுச் சான்றிதழ், அந்தக் கையெழுத்து, இந்தக் கையெழுத்து என்று தாலுகா ஆபீஸுக்கும் பி.எஃப் ஆபீஸுக்கும் அலைய வேண்டிவரும். துக்க வீட்டில் இருப்பவர்களை நாம் அப்படி அலைய விடக்கூடாது.

கல்யாணம் ஆனவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்

“நான் வேலைக்குச் சேரும்போதே அம்மா பேரைக் கொடுத்துவிட்டேனே” என்று நம்மில் பாதிப் பேர் சொல்வோம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தபோது அம்மா பெயரை எழுதினோம். அப்புறம் கல்யாணம் ஆனது. கல்யாணம் ஆன அன்றே, அதற்கு முன் எழுதிக் கொடுத்த நாமினி செல்லாது. சட்டம் அப்படி. நாம் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பழையது ரத்தாகிவிடும். அதனால் கல்யாணத்துக்கு முன் எழுதிக் கொடுத்தவர்கள் எல்லோரும் புதிதாகப் பதிய வேண்டும். ஆண், பெண் எல்லோருக்கும் இதுதான்.

“அப்படியானால் அம்மாவுக்கு ஒன்றும் இல்லையா?” என்று செக்கிங் அக்காக்கள் கேட்டார்கள். உண்டு. அம்மாவோ அப்பாவோ உங்கள் வருமானத்தை நம்பி இருந்தால், கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் பெயரைச் சேர்க்கலாம். யாருக்கு எவ்வளவு என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கணவருக்கு 50, அம்மாவுக்கு 50 என்று எழுதலாம். கணவருக்கு 40, இரண்டு பிள்ளைகளுக்கு 30, 30 என்றும் எழுதலாம். மொத்தம் 100 வர வேண்டும், அவ்வளவுதான். கணவர் பெயரை எழுதியே ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் கணக்கு, உங்கள் முடிவு. பதியும் மேஜையில் பக்கத்தில் யாரும் நிற்காமல் தனியாகச் சொல்ல வேண்டும் என்றால் கமிட்டி அக்காவிடம் சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறோம்.

பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றாலும் நாமினியாகப் போடலாம். கூடவே, பிள்ளைக்காகப் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு பெரியவர் பெயரையும் கொடுக்க வேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள், நம்மை நம்பி இருக்கும் அப்பா அம்மா என்று குடும்பம் இருப்பவர்கள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை பெயரைப் போட முடியாது. குடும்பம் என்று யாருமே இல்லாதவர்கள் மட்டும் தங்களுக்கு வேண்டிய யாரையும் போடலாம்.

குழந்தை பிறந்தாலும், நாமினியாக இருந்தவர் இறந்துவிட்டாலும் மறுபடி பதியுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாகப் பதிந்ததுதான் செல்லும்.

என்ன கொண்டுவர வேண்டும்?

உங்கள் ஆதார் அட்டை. பேங்க் பாஸ்புக். நாமினியாகப் போடுகிறவர்களின் ஆதார், அவர்களுடைய போட்டோ. போட்டோ செல்போனில் இருந்தாலே போதும், முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். அப்புறம், ஆதாரில் எந்த போன் நம்பர் கொடுத்திருக்கிறீர்களோ அந்த போன். சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள். கடைசியில் அந்த போனுக்கு ஓ.டி.பி நம்பர் வரும். அதைக் கம்ப்யூட்டரில் அடித்தால்தான் வேலை முடியும். அதுதான் நம் கையெழுத்து மாதிரி. பெயரெல்லாம் ஏற்றிவிட்டு ஓ.டி.பி அடிக்காமல் எழுந்து போனால் பதிந்ததாக ஆகாது.

பழைய நம்பர் தொலைந்துவிட்டதா? தபால் ஆபீஸிலோ ஆதார் மையத்திலோ இப்போது வைத்திருக்கும் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் உண்டு. மாறுவதற்குச் சில நாள் ஆகலாம், அதனால் இந்த வாரமே போய்விடுங்கள்.

பன்னிரண்டு எண் கொண்ட யு.ஏ.என் நம்பர் சம்பளச் சீட்டின் மேலே இருக்கும். நம் பி.எஃப் கணக்கைக் கண்டுபிடிக்கும் நம்பர் அது. சீட்டு இல்லாதவர்கள் டைம் ஆபீஸில் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள்.

பெயரில் வித்தியாசம் இருந்தால்

ஆதாரில் ஒரு மாதிரியும் பி.எஃப் கணக்கில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. லட்சுமி என்ற பெயரையே ஒரு இடத்தில் LAKSHMI என்றும் இன்னொரு இடத்தில் LAXMI என்றும் அடித்திருப்பார்கள். இன்ஷியல் ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. பிறந்த தேதியும் இப்படித்தான். பழைய கம்பெனியில் தோராயமாக ஒரு வயதைப் போட்டிருப்பார்கள். இது உங்கள் தப்பு இல்லை. உங்கள் முறை வரும் நாளில் வந்ததுமே மேஜையில் சொல்லிவிடுங்கள். திருத்தச் சொல்லி மனு போடுவார்கள். திருத்தம் வந்த பிறகு நாமினி பதிந்துகொள்ளலாம். ஆங்கில நோட்டீஸில் இதுபற்றி ஒரு வரிதான் இருக்கிறது. ஆனால் அதிகம் பேருக்கு இடிக்கப்போவது இங்கேதான் என்று நினைக்கிறோம்.

எந்த நாள் யார்?

திங்கள் கட்டிங், செவ்வாய் டைலர் முதல் லைனும் இரண்டாவது லைனும், புதன் மூன்றாவது லைனும் நான்காவது லைனும், வியாழன் செக்கிங், வெள்ளி அயர்னிங், பேக்கிங், கைமடி எல்லோரும். சனிக்கிழமை விட்டுப்போனவர்களுக்கு. காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை. சூப்பர்வைசர் ஐந்து ஐந்து பேராக அனுப்புவார்.

பீஸ் ரேட்டில் தைப்பவர்கள், மெஷினை விட்டு எழுந்தால் அன்றைய காசு போய்விடுமே என்று யோசிக்க வேண்டாம். ஒருவருக்கு அரை மணி நேரச் சம்பளம் கொடுப்பதாக நிர்வாகம் கமிட்டிக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறது. சம்பளத்தில் அது வராவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள்.

ஆங்கில நோட்டீஸின் கடைசிப் பத்தியில், பதியாதவர்களுக்கு வரும் சிரமத்துக்கு கம்பெனி பொறுப்பாகாது என்று எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். பதியாததற்காக வேலையை விட்டு நிறுத்த மாட்டார்கள், சம்பளத்தைப் பிடிக்கவும் மாட்டார்கள். நம் குடும்பத்துக்காகத்தான் பதியச் சொல்கிறோம்.

ஏமாந்துவிடாதீர்கள்

பி.எஃப் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், ஓ.டி.பி சொல்லுங்கள் என்று போனில் யாராவது கேட்டால் உடனே கட் செய்யுங்கள். பி.எஃப் ஆபீஸ் போனில் ஓ.டி.பி கேட்காது. கேன்டீன் மேஜையிலும் ஓ.டி.பி-யை நீங்களே அடியுங்கள். எண் அடிக்கத் தெரியாதவர்கள் வீட்டு ஆளையோ நம்பிக்கையான சக தொழிலாளியையோ கூட்டி வரலாம். வெளியே பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துச் செய்யாதீர்கள். அங்கே நம் பாஸ்வேர்டு அவர்கள் கைக்குப் போய்விடுகிறது.

கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, பி.எஃப்-பில் கொடுத்திருக்கும் உங்கள் போனிலிருந்து 9966044425 என்ற நம்பருக்கு மிஸ்டு கால் கொடுங்கள். இரண்டு ரிங்கில் தானே கட் ஆகி, கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வரும். காசு பிடிக்காது. தமிழில் மெசேஜ் வேண்டும் என்றால் இப்படி டைப் செய்து 7738299899 என்ற நம்பருக்கு அனுப்புங்கள்:

```
EPFOHO UAN TAM
```

மெசேஜ் வராவிட்டால் உங்கள் ஆதாரோ பேங்க் கணக்கோ இன்னும் இணையவில்லை என்று இருக்கலாம். அதையும் அதே மேஜையில் பார்த்துச் சொல்வார்கள்.

ஹாஸ்டலில் இருக்கும் ஒடிசா, பீகார் தம்பி தங்கைகளுக்கு இதே விவரத்தை இந்தியில் தனித் தாளாக ஒட்டுகிறோம். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் ஆதாரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லும்படி இன்றைக்கே அவர்களிடம் சொல்லுங்கள். கடைசி நாளில் கேட்டால் கிடைக்காது.

சந்தேகம் இருந்தால் டீ நேரத்தில் செக்கிங் டேபிளுக்கு வந்து கமிட்டி ஆட்களைக் கேளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் சொல்கிறோம்.

தொழிலாளர் கமிட்டி