ரஜிக்குப் பிறந்தநாள் வாழ்த்து

என்ர அன்பு ரஜிக்கு,

இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்! விடிஞ்சதும் முதல் ஆளாய் நான்தான் சொல்லவேணும் எண்டு ராத்திரியே இருந்து எழுதுறன். வெளியில கச்சான் காத்து யன்னலைப் போட்டு அடிக்குது. வருசாவருசம் இந்தக் காத்தோடதான் உன்ர பிறந்தநாளும் வரும். எனக்கு ஆவணி எண்டாலே நீதான்.

பின்னேரம் கோணேசரிட்டப் போனனான். கோட்டை வாசல் தாண்டினதும் வழக்கம்போல மான்கள் வந்து கையைப் பாத்துது. ஏஎல் ரியூசன் முடிஞ்சு வரேக்குள்ள உன்ர இரசாயனவியல் கொப்பியில பாதியை ஒண்டு சப்பித் திண்டதும், நீ அழாமல் மிச்சப் பாதியைப் பத்திரமாய் மடிச்சு வச்சதும் ஞாபகம் வந்துது. ஐயரிட்ட உன்ர பேரும் அத்த நட்சத்திரமும் குடுத்தனான். "ஏதும் வேண்டுதலோ பிள்ளை?" எண்டு கேட்டார். "சிநேகிதிக்குப் பிறந்தநாள், அவ சந்தோசமாய் இருக்கவேணும்" எண்டு சொன்னன். அவ்வளவுதான். இராவணன் வெட்டுப் பக்கத்து மரத்தில தொட்டில்கள் காத்துக்கு ஆடிக்கொண்டு நிண்டுது. உன்ர பேரில நான் ஒண்டும் கட்டேல்ல. கட்டிறதும் விடுறதும் உனக்கும் சுதன் அண்ணாவுக்கும் உரிய விசயம். உங்களைக் கேக்காமல் அதில கை வைக்க எனக்கு மனம் வராது.

உன்னைப் பற்றி இண்டைக்கு நான் நினைக்கிறது வேற. கிண்ணியாப் பாலம் 2009இல திறக்க முந்தி, ஒருநாள் பாதைப் படகில போனமே, ஞாபகம் இருக்கோ? எனக்குத் தண்ணி எண்டா உயிர்ப்பயம். நீ என்ர மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு, கரை வருமட்டும் ஆவர்த்தன அட்டவணையை ஒவ்வொண்டாய்ச் சொல்லவச்சாய். ஆகனில நான் பிழைவிட, திரும்பவும் ஐதரசனில இருந்து தொடங்கவச்சாய். அப்படியே அக்கரை வந்திட்டுது. பயப்பிடாத எண்டு நீ ஒருக்காக்கூடச் சொல்லேல்ல.

போன வருசம் அம்மான்ர பென்சன் கோவையைக் காணேல்ல எண்டு ஒரு கந்தோரில கையை விரிச்சாங்களே, அப்பவும் நீதான். மூண்டு நாள் லீவு போட்டு என்னோட அலைஞ்சாய். 1998ஆம் ஆண்டுக் கடிதம் ஒண்டின்ர இலக்கத்தை அம்மான்ர பழைய றங்குப்பெட்டிக்குள்ள இருந்து தோண்டி எடுத்து, மேசைக்கு மேசை பொறுமையாய் விளங்கப்படுத்தினாய். அம்மா இண்டைக்கும் காசு எடுக்கிற நாளில உன்ர பேரைச் சொல்லித்தான் வெளிக்கிடுவா. உனக்கு அது தெரியாது, அதுதான் எழுதுறன்.

இந்த வருசம் நீ நீந்தப் பழகினாய். உப்புவெளிக் கடலில நீ முதல்தரம் காலை விட்டு மிதந்த நேரம், கரையில நிண்ட நான் சத்தம் போட்டுக் கத்தினன். என்ர ஃபோனில அந்தப் படத்தைத்தான் போட்டிருக்கிறன்.

நீயாய்ச் சொன்ன விசயம் என்னோடதான் இருக்கு, வீட்டில கூட ஒருத்தருக்கும் தெரியாது. நீ கதைக்க விரும்பினால் எந்தச் சாமமும் எடு. விரும்பாட்டி, கச்சான் காத்தையும் மீன் விலையையும் கதைப்பம், எனக்கு அதுவும் ஆசைதான். கொழும்புக்குக் கூட வர ஆள் வேணுமெண்டால், ராத்திரி ரயிலுக்கு நான் பையோட வருவன். சுதன் அண்ணா போறார், நான் தேவையில்லை எண்டாலும் சந்தோசம்தான்.

சனிக்கிழமை உனக்கு எங்கட வீட்டில சாப்பாடு. நான், அம்மா, நீங்கள் ரெண்டு பேர், அவ்வளவுதான். வேற ஒருத்தரையும் கூப்பிடேல்ல. அறக்குளாக் குழம்பும் கணவாய்ப் பிரட்டலும் அம்மா சமைக்கிறா, தம்பலகாமத்து எருமைத் தயிருக்கும் சொல்லிவச்சாச்சு. நீ விலக்கிற சாப்பாடு ஏதும் இருந்தால் பேரை மட்டும் அனுப்பு, அதில்லாமல் சமைப்பம். வர மனமில்லாட்டி அதையும் ஒரு சொல்லில அனுப்பிவிடு, சோத்துப் பார்சலைக் கேற்றில கொழுவிட்டு வாறன்.

அதுக்கு முதல், விடிய உப்புவெளிக்குப் போவமோ? இப்ப கடல் குளம் மாதிரிக் கிடக்கு. இந்தமுறை நானும் முழங்கால் அளவுக்கு இறங்கப்போறன். நீ மணிக்கட்டைப் பிடி, நான் ஐதரசனில இருந்து தொடங்குறன்.

நீலக் கொட்டன் சாறி ஒண்டு எடுத்து வச்சிருக்கிறன். கரையில உனக்குப் பிடிச்ச சின்னக் கட்டம். நேரில தாறன்.

அன்போட,
கலா