மோட்டார் சத்தத்தில் ஒரு பாட்டு

திருமணத் தளத்தில் 'பழைய பாட்டு பிடிக்கும்' என்று எழுதாதவர்கள் குறைவு. அதனால் செந்திலின் முதல் செய்திக்கு மாலதி கொஞ்சம் கறாராகவே பதில் போட்டாள்: "பழசுன்னா எதுவரைக்கும் பழசு?"

"1961. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் எனக்குப் புதுசுதாங்க."

பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் மூன்றும் அந்த ஒரே வருஷம். மூன்றுக்கும் பீம்சிங் இயக்கம், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு. ஒரு மனுஷனுக்கு ஆயுசுக்கும் இது போதாதா என்று கேட்டிருந்தான். சரி, இவனிடம் பேசலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மயிலாடுதுறையில் அவளுக்குக் கூட்டுறவு வங்கி வேலை. மன்னார்குடி பக்கம் அவனுக்குக் குறுவை. ராத்திரி தண்ணீர் பாய்ச்சும்போது மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்தபடி பாடி அனுப்புவான். பாதி பாட்டு, பாதி மோட்டார். அவன் டி.எம்.எஸ். கட்சி, அவள் பி.பி.ஸ்ரீனிவாஸ் கட்சி. இந்தச் சண்டை தீரவே தீராது, தீரவும் கூடாது.

"உங்காளு பாடினா பக்கத்து வீட்டுக்குக்கூட கேக்காது."

"பக்கத்து வீட்டுக்கு எதுக்குக் கேக்கணும்?"

அதற்கு அவனிடம் பதில் இல்லை. அன்றைக்கு மடை திறந்துவிடப் போனவன் வெகுநேரம் திரும்பவில்லை.

ஒருநாள் அவள் ஒரு கேசட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். அவள் அப்பா கடையில் கொடுத்துப் பதிந்தது. அட்டையில் நீல மையில் பாட்டு வரிசை, ஓரத்தில் காபிக் கறை. ஏ பக்கம் கடைசியில் 'காலங்களில் அவள் வசந்தம்'. பாட்டு முடிவதற்குள் நாடா தீர்ந்துவிட்டதால் பாதி வரியில் நிற்கும். அப்பாவும் வீட்டில் அந்த இடம்வரைக்கும்தான் பாடுவார். மீதி அவருக்குத் தெரியாமல் இல்லை. கேசட்டோடு சேர்ந்து பாடிப் பாடி அப்படியே பழகிவிட்டது.

ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் ஒருமுறை நேரில் பேசிவிடலாம் என்று இரண்டு பேருக்கும் பொதுவாகக் கும்பகோணத்தை முடிவு செய்தார்கள். மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு காபிக் கடை. அவ்வளவு வாயடித்தவன் எதிரே உட்கார்ந்ததும் டபராவையே பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் வயல் சேறு. தேய்த்துக் கழுவியும் போகவில்லை போல. அந்த விரல்களை மாலதிக்குப் பிடித்திருந்தது.

"ஏதாவது பேசுங்க."

"பேச வரல. பாடட்டுமா?"

"இங்கயா?"

"மெதுவா. உங்க கேசட் நிக்கிற இடத்துலேர்ந்து."

ஆரம்பித்துவிட்டான். டி.எம்.எஸ். கட்சிக்காரன், ஸ்ரீனிவாஸ் மாதிரி குரலை அடக்கி, வரி பிசகாமல் பாடினான். மோட்டார் இல்லாத அவன் குரலை அவள் அன்றைக்குத்தான் கேட்கிறாள். கடைசி வரியில் மட்டும் தன்னை மறந்து ஓங்கிவிட்டான். பக்கத்து மேசைப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"முடிவுல உங்காளு வந்துட்டாரு," என்றாள் மாலதி.

"தப்புங்களா?"

"இல்ல. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. அப்பாகிட்டயும் இதே மாதிரி பாடிக் காட்டுங்க."