கடையை மூடுகிறோம், விற்கவில்லை

சுங்கை சிப்புட் மக்களுக்கு வணக்கம். செப்டம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டோடு அடுப்பை அணைக்கிறோம். மறுநாளிலிருந்து சீரமைப்பு வேலை. அக்டோபர் 23, வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்குக் கடை திறக்கும்.

கைமாறிவிட்டது என்று பாசார் வரை பேச்சு போயிருக்கிறதாம். இல்லை. முதலாளி, சமையல்காரர், தே ஆற்றுபவர் எல்லாரும் பழைய ஆட்கள்தான். வேலை நடக்கும் நாள்களுக்கும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு.

மழை பெய்தால் சுவரோரத்து மேசைக்காரர் கோப்பிக் குவளையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? கூரைத் தகரம் முழுவதையும் மாற்றுகிறோம். காய்ந்த மிளகாய் தாளித்தால் ஐந்தடியில் நிற்பவர்கூடத் தும்முகிறார். அடுப்புக்கு மேல் பெரிய புகைபோக்கி வருகிறது. பின்கட்டுக் கால்வாயில் எண்ணெய் போய் அடைக்காதபடி கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி, வழுக்காத தரை, கை கழுவ இரண்டு குழாய். குளிர்சாதனம் கிடையாது. ரொட்டிக் கல்லும் மாறாது. பழகிய கல்லைத் தூக்கிப்போட எங்களுக்கு மனம் வராது. விலையும் இப்போதைக்கு ஏறாது.

புரட்டாசியில் மூடினால் சைவச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். நியாயம்தான். ஆனால் நவம்பர் 8 தீபாவளி. அது நெருங்கிவிட்டால் குத்தகைக்காரரைப் பிடிக்க முடியாது, எங்களுக்கும் முறுக்கு மாவு பிசையவே பொழுது போதாது.

அதனால் ஓர் ஏற்பாடு. செப்டம்பர் 30 முதல் திங்கள் தவிர மற்ற நாள்களில், கடைக்குப் பக்கத்துக் காலிமனையில் கூடாரம் போட்டிருப்போம். காலை 6.30 முதல் 10.30 வரை பசியாறலாம்: இட்லி, தோசை, தே, கோப்பி மட்டும். ரொட்டி சானாய் கேட்காதீர்கள், அந்த இடத்தில் வீச முடியாது. மதியத்துக்குச் சைவப் பொட்டலம் 8 வெள்ளி; காலை 9 மணிக்குள் சொல்லிவிட்டால் 12 மணிக்குக் கட்டி வைத்திருப்போம். லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டங்களில் பத்துப் பொட்டலத்துக்கு மேல் சேர்ந்து எடுத்தால் தம்பி மோட்டாரில் கொண்டுவந்து கொடுப்பான்.

இரவுக்கு எங்களிடம் எதுவும் இல்லை. எதிர்வரிசை மாமாவின் மீ கோரிங் வண்டிக்குப் போங்கள். போட்டிக் கடைதான், ஆனாலும் நன்றாகச் செய்வார்.

வீட்டு விசேஷங்களுக்கு 50 பேர் வரை சமைத்துத் தருவோம், மூன்று நாள் முன்னதாகச் சொல்லுங்கள். கல்யாண மண்டப வேலை இந்த இடைவெளியில் எடுக்கவில்லை. தீபாவளிப் பலகார ஆர்டர் அக்டோபர் 24 முதல்.

மாதக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி: கணக்குப் புத்தகத்துக்குச் சீரமைப்பு இல்லை. அது கூடாரத்தில் அக்காவிடம் இருக்கும். வழக்கம்போல ஏழாம் தேதிக்குள் கட்டிவிடுங்கள்.