கடைசி நேரத் திருப்புதல்: எந்த நியமம், எந்தத் தலைப்பு?

நாளைய தேர்வுக்கு முன், சர்வதேசக் கணக்கியல் நியமங்களான ஐஏஎஸ், ஐஎஃப்ஆர்எஸ் எண்களை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். விடையைக் கையால் மூடிக்கொண்டு, எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முதல் சுற்று: தலைப்பு சொன்னால் எண்

சரக்கிருப்பு? ஐஏஎஸ் 2.
பணப்பாய்வு அறிக்கை? ஐஏஎஸ் 7.
வருமான வரி? ஐஏஎஸ் 12.
நிலம், கட்டடம், இயந்திரம்? ஐஏஎஸ் 16.
பங்கு ஒன்றுக்கான வருவாய்? ஐஏஎஸ் 33.
புலனாகாச் சொத்து? ஐஏஎஸ் 38.
நிதிக் கருவிகள்? ஐஎஃப்ஆர்எஸ் 9.
வாடிக்கையாளர் ஒப்பந்த வருவாய்? ஐஎஃப்ஆர்எஸ் 15.
குத்தகை? ஐஎஃப்ஆர்எஸ் 16.

16 இரண்டு முறை வருகிறது, பாருங்கள். வருடா வருடம் மதிப்பெண் போகிற இடம் இதுதான். சொந்த இயந்திரம் என்றால் ஐஏஎஸ் 16, குத்தகைக்கு எடுத்த இயந்திரம் என்றால் ஐஎஃப்ஆர்எஸ் 16. குத்தகைக்கு ஐஏஎஸ் 17 என்று எழுதாதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் இருப்பது ஐஎஃப்ஆர்எஸ் 16. அதே மாதிரி, பழைய வருவாய் நியமமான ஐஏஎஸ் 18-ம் 2018-லேயே போய்விட்டது.

இரண்டாம் சுற்று: சூழ்நிலை சொன்னால் நியமம்

1. சரக்கின் அடக்கவிலை 500. விற்றால் 520 கிடைக்கும், ஆனால் விற்பனைச் செலவு 60. எந்த நியமம், எந்தத் தொகை?
ஐஏஎஸ் 2. நிகரமாகத் தேறுவது 460. அடக்கவிலையை விட அது குறைவு, எனவே 460. கடைசியில் வந்தது முதலில் போகும் முறைக்கு இந்த நியமத்தில் இடமில்லை.

2. இயந்திரமும் இரண்டு வருடப் பராமரிப்பும் சேர்த்து 1,000-க்கு விற்பனை. தனித்தனியாக விற்றால் 900, 300.
ஐஎஃப்ஆர்எஸ் 15. இங்கே இருப்பது இரண்டு கடமைகள். 1,000-ஐ 900:300 விகிதத்தில் பிரித்தால் இயந்திரத்துக்கு 750, பராமரிப்புக்கு 250. இயந்திரம் வாடிக்கையாளர் கைக்குப் போனதும் 750 வருவாய். 250 மட்டும் இரண்டு வருடத்தில் பரவும். மொத்தத்தையும் முதல் நாளே எழுதினால் விடை தவறு.

3. அலுவலகம் ஐந்து வருடக் குத்தகை. எடுத்தவர் ஏட்டில் என்ன வரும்?
ஐஎஃப்ஆர்எஸ் 16. பயன்பாட்டு உரிமைச் சொத்து ஒரு பக்கம், குத்தகைப் பொறுப்பு மறுபக்கம். 12 மாதத்துக்கு மேற்படாத குத்தகையும் (வாங்கும் விருப்பம் இல்லாதிருந்தால்) குறைந்த மதிப்புச் சொத்தும் மட்டும் விலக்கு கோரலாம்.

4. நிறுவனத்தின் மேல் வழக்கு. தோற்கவே வாய்ப்பு அதிகம், தொகையையும் மதிப்பிட முடிகிறது.
ஐஏஎஸ் 37, ஒதுக்கீடு செய்ய வேண்டும். தோற்கலாம், ஆனால் அதற்கு வாய்ப்புக் குறைவு என்றால் குறிப்பில் வெளிப்படுத்தினால் போதும்.

5. ஆண்டு முடிந்த பிறகு, கணக்கு ஒப்புதலுக்கு முன், கிடங்கு தீப்பிடித்தது.
ஐஏஎஸ் 10. ஆண்டு முடிவில் தீ இல்லை, அதனால் தொகையைத் திருத்தக் கூடாது. பெரிய இழப்பு என்றால் குறிப்பில் சொல்லுங்கள். சரி, எரிந்தது சரக்கு என்பதால் ஐஏஎஸ் 2 என்று எழுதத் தோன்றும். கேள்வியில் உள்ள தேதியை முதலில் பாருங்கள்.